க்ஷயரோகியின் மூன்றாவது மாதம்

க்ஷயரோக மாத்திரையை இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டு, மூன்றாவது மாதம் நிறுத்திவிடுகிற தொழிலாளிக்கு ஆஸ்பத்திரிகளில் ஒரு பட்டம் உண்டு: "பொறுப்பில்லாதவன்." இந்தப் பட்டம் நியாயமானதுதானா?

தொழிலாளி தன் கட்சியையும் சொல்கிறான்: "இருமல் நின்றுவிட்டது. காய்ச்சல் இல்லை. சோறு இறங்குகிறது. இன்னும் எதற்கு மாத்திரை? காய்ச்சலுக்கு ஐந்து நாள் மருந்து போதும் என்கிறார்கள். இதற்கு மட்டும் ஏன் நான்கு மருந்து? ஏன் ஆறு மாதம்?"

கேள்வி நியாயமானது. அதற்கு விளக்கம் சொல்லாமல், "சொன்னதைச் செய்" என்று அதட்டுவதில் பயனில்லை. விடை நம் நெஞ்சுக்குள் இருக்கிறது. அதைப் பார்ப்போம்.

நெஞ்சுக்குள் ஒரு கோட்டை

நோயாளி இருமும்போது கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் காற்றில் கலக்கின்றன. பக்கத்தில் இருப்பவன் மூச்சோடு அவை உள்ளே போய், நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று தங்குகின்றன. அங்கே நம் உடம்பின் காவல் அணுக்கள் இருக்கின்றன. எந்தக் கிருமி வந்தாலும் விழுங்கிச் செரித்துவிடுவது அவற்றின் தொழில்.

க்ஷயக் கிருமியையும் அவை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை! இந்தக் கிருமியின் மேல் மெழுகு போன்ற தடித்த தோல் ஒன்று இருக்கிறது. விழுங்கிய அணுவுக்குள்ளேயே உயிரோடு இருந்து, பெருகவும் செய்கிறது. காவல்காரனின் வீட்டிலேயே திருடன் குடியேறியது மாதிரி.

கொல்ல முடியாத எதிரியை உடம்பு என்ன செய்கிறது? சிறை வைக்கிறது. மேலும் மேலும் காவல் அணுக்கள் வந்து சுற்றிலும் அடுக்கடுக்காக நிற்கின்றன. வெளிப்புறம் நார்போலத் திசு வளர்ந்து மதில் எழும்புகிறது. இந்தச் சிறு முடிச்சை டாக்டர்கள் கிரானுலோமா என்கிறார்கள். டி.பி. என்ற பெயரே முடிச்சைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

கிருமி தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த மதில் ஆயுள் முழுதும் நிற்கிறது. நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் நோயாக மாறுகிறது. பட்டினி, சர்க்கரை வியாதி, கல் தூசி படிந்த நுரையீரல், குடி, புகை இவையெல்லாம் மதிலைப் பலவீனப்படுத்துகின்றன.

மதில் உடைந்தால் என்ன நடக்கிறது? முடிச்சின் நடுப்பகுதி ஏற்கெனவே செத்துப்போய், பால் திரிந்து கட்டியானதுபோல இருக்கிறது. அது இளகி மூச்சுக் குழாய்க்குள் வடிகிறது. இருந்த இடத்தில் பொந்து விழுகிறது. பொந்துக்குள் காற்று வருகிறது. காற்றைக் கண்ட கிருமி கோடிக் கணக்கில் பெருகுகிறது. அதுதான் சளியில் வருகிறது, இருமலில் பரவுகிறது.

ஆக, ஒரே நோயாளியின் நெஞ்சில் இரண்டு வகைக் கூட்டம் இருக்கிறது. பொந்தில் வேகமாகப் பெருகும் கூட்டம் ஒன்று. முடிச்சின் நடுவே, காற்று எட்டாத இடத்தில், பெருகாமல் அரைத் தூக்கத்தில் கிடக்கும் கூட்டம் மற்றொன்று. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

ஒரு மருந்து ஏன் போதாது?

பிரிட்டனில் நடந்து, 1948-ல் முடிவு வெளியான ஒரு பரிசோதனையைப் பார்ப்போம். ஸ்ட்ரெப்டோமைசின் அப்போது புதிதாக வந்த மருந்து. 55 நோயாளிகளுக்கு அந்த ஊசியைப் போட்டார்கள். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்களில் 4 பேர் இறந்தனர்; போடாதவர்களில் 14 பேர். வெற்றி என்று தோன்றியது. ஆனால் ஐந்து வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, ஊசி போட்டவர்களில் 32 பேரும், போடாதவர்களில் 35 பேரும் இறந்திருந்தார்கள்! முதலில் கண்ட பலன் எங்கே போயிற்று? பெரும்பாலோரின் சளியில் ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அஞ்சாத கிருமி வளர்ந்துவிட்டிருந்தது.

இது எப்படி நடக்கிறது? ஒரு பஞ்சாலைத் தோழரின் நெஞ்சில் 10 கோடி கிருமி உள்ள ஒரு பொந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொந்து என்றால் அவ்வளவு இருப்பது சாதாரணம். ஐசோனியாசிட் என்ற மருந்துக்குச் சாகாத கிருமி, சுமார் 10 லட்சத்துக்கு ஒன்று தானாகவே பிறந்திருக்கும். மருந்து அதை உண்டாக்குவதில்லை. முன்பே அங்கு இருக்கிறது. 10 கோடியில் அப்படிப்பட்டவை 100.

அவருக்கு ஐசோனியாசிட் மட்டும் கொடுத்தால், சில நாட்களிலேயே பெரும்பகுதி கிருமி செத்துவிழும். காய்ச்சல் இறங்கும். தோழர் "பிழைத்தேன்" என்பார். ஆனால் அந்த 100 சாகாது. போட்டியாளர்கள் எல்லாம் ஒழிந்த இடத்தில் அவை இரண்டாகும், நான்காகும். இருபது தடவை இரட்டித்தால் மறுபடியும் 10 கோடி! இந்தத் தடவை 10 கோடியும் ஐசோனியாசிட்டுக்கு அஞ்சாதவை.

இப்போது ரிஃபாம்பிசினையும் சேர்த்துக் கொடுப்போம். அதற்குச் சாகாத கிருமி சுமார் 10 கோடிக்கு ஒன்று. இரண்டு மருந்துக்கும் சாகாத கிருமி எத்தனையில் ஒன்று? 10 லட்சத்தை 10 கோடியால் பெருக்க வேண்டும். கோடியைக் கோடியால் பெருக்கிய தொகை வருகிறது. அவ்வளவு கிருமி எந்த மனிதன் நெஞ்சிலும் இருக்க முடியாது. ஐசோனியாசிட்டுக்குத் தப்பிய நூறையும் ரிஃபாம்பிசின் பிடிக்கிறது. ரிஃபாம்பிசினுக்குத் தப்பிய ஒன்றை ஐசோனியாசிட் பிடிக்கிறது. கூட்டு மருந்தின் ரகசியம் இவ்வளவுதான்.

அப்படியானால் இரண்டு போதாதா, நான்கு எதற்கு? பைரசினமைடு என்ற மூன்றாவது மருந்து, புளிப்பேறிய இடத்தில் மந்தமாகக் கிடக்கும் கிருமியைக் கொல்கிறது. மற்ற மருந்துகளுக்கு அங்கே வேலை குறைவு. நான்காவதான எத்தாம்புட்டால் காவலுக்கு. தொற்றும்போதே ஐசோனியாசிட்டுக்கு அஞ்சாத கிருமி வந்திருந்தால், ரிஃபாம்பிசினைத் தனியே நிற்கவிடாமல் அது துணை நிற்கிறது.

ஆறு மாதம் ஏன்?

மருந்துகளில் பல, கிருமி பெருகும்போதுதான் தாக்குகின்றன. உதாரணமாக, புதுத் தோல் கட்டும் வேலையை ஐசோனியாசிட் கெடுக்கிறது. வீடு கட்டாதவனிடம் செங்கல்லைப் பறித்து என்ன பயன்? தூங்கும் கிருமியை அது அதிகம் தொடுவதில்லை. மற்றக் கிருமிகள் பல அரை மணியில் இரட்டிக்கும். க்ஷயக் கிருமி விழித்திருக்கும்போதே அதற்கு ஒரு நாள் அளவு பிடிக்கிறது. தூங்குவது எப்போது விழிக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்று இன்று விழிக்கும். ஒன்று நான்காவது மாதம் சற்று அசையும். அது அசையும் அந்த நேரத்தில் ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டும். அரைகுறையாக விழிக்கும் கிருமியையும் பிடிப்பதில் ரிஃபாம்பிசின் கெட்டிக்காரன். அதனால்தான் ஒரு வருஷத்துக்கு மேல் நீண்ட சிகிச்சை ஆறு மாதமாகக் குறைந்தது.

இன்று நம் நாட்டில் சாதாரண க்ஷயத்துக்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்தும், அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு நீங்கலாக மூன்று மருந்தும் தினமும் தருகிறார்கள். முதல் இரண்டு மாதத்தில் பொந்தின் கூட்டம் அழிகிறது. பெரும்பாலோருக்குச் சளியில் கிருமி தெரிவதில்லை, எடை ஏறுகிறது. இங்கேதான் ஆபத்து! உடம்பு நலமாகிவிட்டது, வேலை முடியவில்லை. இப்போது நிறுத்தினால் முடிச்சுக்குள் மீந்த கிருமி மதிலுடைத்து வெளியே வரும்; பெரும்பாலும் ஓராண்டுக்குள் இருமல் திரும்பும்.

விட்டுவிட்டுச் சாப்பிடுவதும் கெடுதல்தான். நோய் திரும்பினாலோ, இரண்டு மாத முடிவிலும் சளியில் கிருமி இருந்தாலோ, பழைய சீட்டை வைத்துக் கடையில் மாத்திரை வாங்கக் கூடாது. ரிஃபாம்பிசின் கேட்கிறதா என்று கண்டுபிடிக்கும் கருவி ஜில்லா ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. சளியைக் கொடுத்தால் இரண்டு மணி நேரத்தில் காட்டிவிடும். மாத்திரையால் சிறுநீர் செந்நிறமாகப் போவது கண்டு பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மாற்றுவதா நிறுத்துவதா என்பதை அவர் சொல்லட்டும்.

சென்னை காட்டிய வழி

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் துவங்கிய க்ஷயரோக மருந்து ஆராய்ச்சி நிலையம், ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்தில். மறு பாதி நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே. இருவருக்கும் ஒரு வருஷம் ஒரே இரட்டை மருந்து. சானடோரியத்தில் நல்ல உணவு, ஓய்வு, காற்று. வீட்டில் அவை இல்லை. பலர் வேலைக்கும் போனார்கள். முடிவு? சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரிடம் நோய் அடங்கியது. வீட்டில் 86 பேரிடம். வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. குணப்படுத்துவது முதன்மையாகக் கட்டிலல்ல, மருந்து என்று உலகம் ஒப்புக்கொண்டது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: மருந்து விடாமல் கிடைத்தது, ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். மூன்றாவது மாதம் எப்படிப்பட்ட மாதம்? உடம்பில் தெம்பு திரும்பும் மாதம். கடன் முற்றும் மாதமும் அதுவே. அறுவடைக்கு வெளியூர் கூப்பிடுகிறார்கள். மருந்து இருப்பதோ உள்ளூரில். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. இதற்கெல்லாம் பெயர் பொறுப்பின்மையா?

ஈ.எஸ்.ஐ.யில் பதிவாகி இரண்டு வருஷம் வேலை பார்த்த ஆலைத் தொழிலாளிக்கு, க்ஷயம் வந்தால் இரண்டு வருஷம் வரை சராசரிக் கூலியில் 80 சதவீதம் பெறச் சட்டத்தில் இடமுண்டு. எத்தனை பேருக்கு இது தெரியும்? கண்டிராக்ட் என்ற பெயரில் பதிவே செய்யாமல் விடப்பட்டவர்களுக்கு இது உண்டா? விவசாயத் தொழிலாளிக்கோ அந்த 80 சதவீதமும் இல்லை. சர்க்கார் மருந்து இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய். நாளொன்றுக்கு 33 ரூபாய். அது சாப்பாட்டுக்கு, இழந்த கூலிக்கு அல்ல.

ஆறு மாதம் என்பது கிருமி விதித்த கெடு. அதை எந்த முதலாளியும், எந்த அதிகாரியும் குறைக்க முடியாது. அந்த ஆறு மாதத்துக்கும் கூலி யார் தருவது என்பதோ மனிதர்கள் முடிவு செய்கிற விஷயம். ஆலையானாலும் வயலானாலும், மூன்றாவது மாதத்தில் நிற்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் மருந்தோடு கூலியும் வேண்டும் என்று சங்கங்கள் கேட்க வேண்டும். அது கிடைக்கும்வரை, அவனைப் பொறுப்பில்லாதவன் என்று சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை.