அவகாசம் கேட்டால் ஆஃபர் போய்விடுமா?

சென்ற இதழில், வேலை தேடும் இளைஞர்களுக்கு அறிவுரை சொல்லும் கட்டுரை ஒன்று வந்திருந்தது. ஆஃபர் லெட்டர் வந்ததும் அன்றே கையெழுத்துப் போட்டுவிட வேண்டுமாம். அவகாசம் கேட்டால் ஆஃபர் அப்போதே செத்துவிடுமாம். கேட்டே ஆகவேண்டுமென்றால், ‘வேறொரு கம்பெனி இதைவிட அதிகம் தருகிறது’ என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட வேண்டுமாம். எல்லாம் சரிவராவிட்டால், சேரும் நாளன்று போகாமல் இருந்துவிடலாமாம்! பேரம் பேசக் கற்றுத் தருவதாகச் சொல்லிவிட்டு, ஓடி ஒளியக் கற்றுத் தந்திருக்கிறார் கட்டுரையாளர்.

கேட்டாலே ஆஃபர் செத்துவிடும் என்பதை முதலில் பார்ப்போம். 1880-இல் இங்கிலாந்தில் ஸ்டீவன்சன் எதிர் மெக்லீன் என்றொரு வழக்கு நடந்தது. இரும்பு டன் 40 ஷில்லிங், ரொக்கம், திங்கட்கிழமை வரை இந்த விலை நிற்கும் என்றார் விற்பவர். வாங்குபவர்கள் திங்கள் காலை தந்தி அடித்தார்கள்: அதே விலைக்கு இரண்டு மாதத்தில் டெலிவரி எடுக்கலாமா, இல்லையென்றால் அதிகபட்சம் எவ்வளவு அவகாசம் தருவீர்கள்? விற்பவர் பதில் சொல்லாமல் வேறொருவருக்கு விற்றுவிட்டார். அந்தத் தகவல் வந்து சேரும் முன்பே வாங்குபவர்கள் பழைய விலைக்கே சம்மதம் அனுப்பியிருந்தார்கள். அந்தத் தந்தி வெறும் விசாரிப்பு, மறுப்பல்ல என்றது நீதிமன்றம். விற்பவர் தோற்றார். ‘இருபது லட்சம் கொடுத்தால்தான் வருவேன்’ என்பது வேறு. அது எதிர் ஆஃபர், முதல் ஆஃபரைத் தள்ளிவிடும். ‘திங்கள் வரை டைம் தர முடியுமா’ என்பது கேள்வி மட்டுமே. கட்டுரையாளருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, ஐந்தாம் பிரிவின்படி, நாம் சம்மதம் அனுப்பும் வரை கம்பெனி ஆஃபரைத் திரும்பப் பெறலாம். அதனால்தான் எப்படிக் கேட்பது என்பது முக்கியம். எங்கே சொல்லவேண்டுமோ அங்கே கட்டுரையாளர் வாயைத் திறக்கவில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இப்போது ஆண்டுக்கு 13 லட்சம் நிலையான சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு செவ்வாயன்று 18 லட்சம் சி.டி.சி. என்று லெட்டர் வருகிறது. வியாழனுக்குள் கையெழுத்து வேண்டும். பிரித்துப் பார்த்தால், அதில் 3 லட்சம் வேரியபிள். ஒன்றரை லட்சம் ஜாயினிங் போனஸ். முதல் ஆண்டோடு சரி, ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும். மிச்சம் பதின்மூன்றரை. கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி அதற்குள்தான் அடக்கம். ஐந்து லட்சம் உயர்வு என்று நினைத்தது அரை லட்சத்தில் வந்து நிற்கிறது. கட்டுரையாளர் பேச்சைக் கேட்டிருந்தால், ராஜினாமா கொடுத்த பிறகுதான் இது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அவள் செய்ய வேண்டியது, கெடு முடியும் நேரம் வரை இழுக்காமல் புதன் காலையே எழுதுவது. “ஆஃபருக்கு நன்றி. இந்தக் குழுவில் வேலை செய்ய எனக்கு விருப்பம். வேரியபிள் கணக்கிடும் முறையையும் போனஸைத் திருப்பிக் கட்டும் நிபந்தனையையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். திங்கள் மாலை 5 மணிக்குள் உறுதியான பதில் தருகிறேன். அதுவரை ஆஃபர் நிலுவையில் இருக்கும் என்பதைப் பதில் மெயிலில் உறுதிப்படுத்த வேண்டுகிறேன்.” இதில் மன்னிப்பும் இல்லை, மிரட்டலும் இல்லை. விருப்பம் உண்டு, சம்மதம் இல்லை. ‘கொஞ்சம் டைம் வேண்டும்’ என்று இழுக்காமல் நாளும் நேரமும் சொல்வதால், எச்.ஆர். தன் மேலதிகாரியிடம் சொல்ல ஒரு தேதி கிடைக்கிறது. அவளுடைய நோட்டீஸ் பீரியட் முடிய மூன்று மாதம் காத்திருக்கச் சம்மதித்த கம்பெனிக்கு நான்கு நாள் பாரமில்லை. கம்பெனி முடியாது என்றால் வியாழனன்றே முடிவு சொல்லிவிட வேண்டும். இரண்டாம் முறை கேட்கக்கூடாது. மரியாதை அங்கேதான் குறையும்.

கட்டுரையாளரின் பொய்க்கு வருவோம். ‘அந்த ஆஃபர் லெட்டரை அனுப்புங்கள்’ என்று எச்.ஆர். கேட்டால் எதை அனுப்புவது? வேறு ஆஃபர் உண்மையிலேயே இருந்தால் சொல்லலாம். இல்லையென்றால், இருக்கும் ஆஃபரும் அன்றோடு போயிற்று.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாமல் இருப்பதை அவர் சாமர்த்தியம் என்கிறார். இந்தப் பெண் அப்படிச் செய்தால், அவளுக்காக ஒதுக்கிய இடத்தில் வேறொருவர் சேர்ந்திருக்கலாம். அவள் பெயரும் அந்தக் கம்பெனியின் பதிவில் இருக்கும், அந்த எச்.ஆர். நாளை வேறு கம்பெனிக்கு மாறலாம். நான்கு நாள் கேட்கக் கூச்சப்பட்டு வாக்குத் தவறுவதுதான் பலவீனம்.

கேம்பஸ் தேர்வில் மட்டும் கல்லூரியின் விதிகளை முதலில் பாருங்கள்; அங்கே தேதியைத் தள்ளும் உரிமை மாணவரிடம் இல்லாமல் போகலாம். மற்றபடி, லெட்டரை முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அவகாசத்தைத் தேதியோடு கேளுங்கள், அந்தத் தேதியைக் காப்பாற்றுங்கள்.