பவுனைக் கைவிட்ட பவுண்டு

கோவை ராஜ வீதியில் நகை வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் கேட்பது 'எத்தனை பவுன்ல பார்க்கறீங்க?' என்பதுதான். பவுன் என்றால் 8 கிராம் என்று வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஏன் 8, ஏன் 10 இல்லை? பிரிட்டனின் ஒரு பவுண்டு தங்க நாணயம், அதாவது சவரன், 22 காரட்டில் ஏறக்குறைய அந்த எடைதான். நாணயத்தின் பெயரே எடையின் பெயராகிவிட்டது.

அந்த நாணயம் புழங்கிய காலத்தில் பவுண்டு நோட்டு வெறும் காகிதமல்ல. லண்டனில் பாங்க் ஆஃப் இங்கிலாந்திடம் நீட்டினால், அதற்குரிய தங்கம் கிடைக்கும். அரசாங்கம் இஷ்டத்துக்கு நோட்டு அடிக்காமல் இருக்க அது ஒரு கடிவாளம். இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு நாடுகளின் பணமும் தங்கத்தோடு கட்டப்பட்டிருந்தால், ஒன்றுக்கொன்று உள்ள மாற்று விலை அசையாது. கடல் கடந்து பருத்தி வாங்கும் வியாபாரிக்கு, ஆறு மாதம் கழித்துக் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பது இன்றே தெரியும்.

நம் ரூபாய் நேராகத் தங்கத்தில் நிற்கவில்லை, பவுண்டின் தோளில் நின்றது. 1927-ல் வந்த சட்டப்படி ஒரு ரூபாய் என்பது 1 ஷில்லிங் 6 பென்ஸ். சுத்தத் தங்கம் தோலா 21 ரூபாய் 3 அணா 10 பை. ஒரு பவுன் காசு 13 ரூபாய் 5 அணா 4 பை.

பிறகு வந்தது 1929-ன் உலகப் பொருளாதார மந்தம். கிணற்றில் கவலை பூட்டி இறைத்துக் கம்போடியா பருத்தி போட்ட கொங்கு விவசாயிக்கு, திருப்பூர் சந்தையில் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. நிலவரியும் கடன் வட்டியும் ரூபாயில் எழுதப்பட்டவை, அவை இறங்கவில்லை. முன்பு ஒரு பொதி பருத்தி விற்றுக் கட்டிய கிஸ்திக்கு, இப்போது இரண்டு பொதி விற்க வேண்டும்.

லண்டனுக்கும் நெருக்கடிதான். ஐரோப்பிய வங்கிகள் தடுமாறியதும், பவுண்டு வைத்திருந்தவர்கள் 'தங்கம் கொடு' என்று வரிசை கட்டினார்கள். 1931 ஜூலை நடுவிலிருந்து இரண்டே மாதத்தில் 20 கோடி பவுண்டுக்கு மேல் வெளியே போனது. தங்கத்தைத் தடுத்து நிறுத்த வட்டியை ஏற்ற வேண்டும், செலவை வெட்ட வேண்டும். ஆனால் அங்கே ஏற்கெனவே 25 லட்சம் பேருக்கு மேல் வேலையில்லை. கடிவாளத்தை இன்னும் இறுக்கினால் குதிரையே விழுந்துவிடும். செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் கயிற்றை அறுத்தது. நோட்டுக்குத் தங்கம் கிடையாது.

இந்தியாவுக்கு லண்டன் எடுத்த முடிவு வேறு. ரூபாய் பவுண்டோடேயே கட்டுண்டு கிடக்கும். பவுண்டு சரிந்தது, கூடவே ரூபாயும் சரிந்தது. அதனால் இங்கே தங்கம் சில மாதங்களில் தோலா 30 ரூபாயை நெருங்கியது. பார்ப்பவருக்குத் தங்கம் ஏறியது போலத் தெரிந்தது. உண்மையில் இறங்கியது ரூபாய்.

அவிநாசிப் பக்கம் ஒரு குடியானவர் வீட்டில் 5 பவுன் இருந்ததாக வைத்துக்கொள்வோம். நல்ல விளைச்சல் காலத்தில் சுமார் 67 ரூபாய்க்கு வாங்கியது. இப்போது ஆசாரி 90 ரூபாய்க்கு மேல் தருகிறார். பருத்தியும் நிலக்கடலையும் விலை போகாத வருஷத்தில், வீட்டில் விலை ஏறிய சரக்கு அது ஒன்றுதான். கிஸ்திக்கும் கடனுக்கும் பெண்களின் கழுத்திலிருந்து இறங்கியது. லாபம் என்று விற்ற வசதிக்காரர்களும் உண்டு. கடனுக்குப் பயந்து விற்றவர்களுக்கு அது லாபமே இல்லை. 1934-ல் அமெரிக்கா அவுன்ஸ் விலையை 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தியபின், இங்கே தோலா 35 ரூபாயைத் தொட்டது.

கிராமத்துத் தங்கம் உருக்கப்பட்டு, பம்பாய் வழியாகக் கப்பலேறியது. நாடு முழுவதிலிருந்தும் அந்தப் பத்தாண்டுக்குள் போனது 300 கோடி ரூபாய்க்கு மேல். ஏற்றுமதியைத் தடை செய்யச் சொல்லி இந்திய வர்த்தகர்கள் கேட்டார்கள். அரசு மறுத்தது. காரணம் எளிது: ரூபாயை அதே விகிதத்தில் நிறுத்திவைக்கவும், லண்டனுக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டியதைக் கட்டவும் அந்தத் தங்கம்தான் கைகொடுத்தது. கொங்கு நாட்டுத் தாலிக்கொடி, லண்டனின் கஜானாவுக்கு முட்டுக்கொடுத்தது என்றால் மிகையில்லை.

தங்கத்துக்கு இன்னொரு அத்தியாயம் பாக்கி இருந்தது. 1944-ல் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸில் 44 நாடுகள் கூடின. இந்தியக் குழுவில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார்: ஆர்.கே. சண்முகம் செட்டியார், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். எல்லா நாணயமும் டாலரோடு, டாலர் மட்டும் அவுன்ஸ் 35 என்று தங்கத்தோடு என அங்கே முடிவானது. தங்கம் கேட்கும் உரிமை பொதுமக்களுக்கு இல்லை, வெளிநாட்டு மத்திய வங்கிகளுக்கு மட்டும்தான். கையில் உள்ள தங்கத்தைவிட வெளியே சுற்றும் டாலர் பெருத்துப்போனதும், 1971 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் நிக்சன் அந்த ஜன்னலையும் சாத்தினார். லண்டனில் 40 வருஷம் முன்பு நடந்த அதே கதை.

இன்று ரிசர்வ் வங்கிச் சட்டம், நோட்டுக்குப் பின்னால் குறைந்தது 115 கோடி ரூபாய்த் தங்கம் இருந்தால் போதும் என்கிறது. புழங்கும் நோட்டுகளோ பல லட்சம் கோடி. 500 ரூபாய் நோட்டில் கவர்னர் கையெழுத்திட்டுத் தரும் வாக்குறுதியை நம்பி வங்கிக்குப் போனால், கிடைப்பது இன்னொரு நோட்டுதான். தங்கம் வேண்டுமென்றால் ராஜ வீதிக்கு வர வேண்டும், அன்றைய விலைக்கு.