அண்ணாமலை ஆணா, மலையா?

எங்கள் தெருவில் ஒரு பையன் குரூப் 4 தேர்வுக்கு மூன்றாவது முறையாகப் படிக்கிறான். பகலில் தேரடி வீதியில் ஒரு கடையில் வேலை. இரவு எட்டு மணிக்கு மேல்தான் புத்தகம். நான் முப்பத்தொரு வருஷம் தமிழாசிரியராக இருந்தவன் என்பதால், பொதுத்தமிழில் சந்தேகம் வந்தால் என் வீட்டுத் திண்ணைக்கு வருவான்.

போன வாரம் ஒரு மாதிரித் தேர்வுத் தாளோடு வந்தான். பெயர்களுக்குப் பால் சொல்லச் சொன்ன கேள்வி. மீன் என்பதற்கு ஆண்பால் என்று எழுதியிருந்தான். தேளுக்குப் பெண்பால். தேருக்குப் பலர்பால்! மரத்துக்கு ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தான். ஏனப்பா இப்படி என்று கேட்டேன். பயிற்சி வகுப்பில் கொடுத்த தாளை எடுத்து, அதிலிருந்த பாட்டைப் பாடியே காட்டினான்.

“ன் வந்தா ஆம்பளை, ள் வந்தா பொம்பளை, ர் வந்தா பலபேரு, து வந்தா ஒண்ணு, அ வந்தா பல.”

பாடிவிட்டு, “தாத்தா, பாட்டு தப்பா, நான் தப்பா?” என்றான்.

பாட்டுதான் தப்பு. அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

மனப்பாடத்தை நான் குறை சொல்லவில்லை. தமிழ் இலக்கணம் பிறந்ததே மனப்பாடத்துக்குத்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள, பவணந்தி முனிவர் நன்னூலைச் செய்தார். சமணர் அவர். அந்த நூல் முழுவதும் சூத்திரப் பாட்டு. ஓலையைத் தேடாமல் மாணவன் நினைவிலிருந்தே சொல்ல வேண்டும் என்பதால் எதுகை மோனையோடு சுருக்கிக் கட்டினார்கள். நம் வயதுக்காரர்கள் பலர் அதைச் சொல்லி, பிரம்படியும் வாங்கித்தான் வளர்ந்தோம்.

ஆனால் நன்னூல் அந்த ஈறுகளை எந்த இடத்தில் சொல்கிறது? வினையியலில் சொல்கிறது. அன், ஆன் என்று முடிந்தால் ஆண்பால், அள், ஆள் என்று முடிந்தால் பெண்பால் என்பதெல்லாம் வினைமுற்றைப் பற்றிய பேச்சு. தொல்காப்பியரும் ஐம்பாலுக்கு உரிய பதினோர் ஈறுகளைச் சொல்லிவிட்டு, அவை வினையோடு வரும் என்று தெளிவாகக் கூறிவிட்டார். பயிற்சி வகுப்புக்காரர்கள் ஈறுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘வினையோடு’ என்ற சொல்லைக் கீழே போட்டுவிட்டார்கள். அதனால்தான் மீன் ஆணாயிற்று, தேர் பல பேராயிற்று.

நம் ஊரை வைத்தே பார்ப்போம். ‘அண்ணாமலை தெரிகிறது’ என்றால் மலை. ‘அண்ணாமலை வந்தான்’ என்றால் எதிர்வீட்டுப் பிள்ளை. நம் ஊரில் அந்தப் பெயருக்கா பஞ்சம்? இரண்டு வாக்கியத்திலும் பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. வினையின் கடைசிதான் மாறியிருக்கிறது. ‘து’ என்றதும் அஃறிணை ஒன்றன்பால், ‘ஆன்’ என்றதும் உயர்திணை ஆண்பால் என்று தெரிந்துவிடுகிறது. இனி ‘அண்ணாமலையார் எழுந்தருளினார்’ என்று பாருங்கள். சாமி ஒருவர்தான். ஆனால் மரியாதைக்காகப் பலர்பால் ஈறான ‘ஆர்’ வருகிறது. இப்படி வருவதையும் இலக்கணம் வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது.

கார்த்திகை ஏழாம் நாள் ‘தேர் நகர்ந்தது’ என்கிறோம். தேர் என்ற பெயர் ‘ர்’ என்று முடிந்தால் என்ன? நகர்ந்தது என்ற வினை அதை ஒன்றன்பால் என்று காட்டிவிட்டது. ‘ஐந்து தேர்களும் வந்தன’ என்றால் ‘அ’ என்ற ஈறு பலவின்பாலைக் காட்டுகிறது.

பெயரில் பால் ஈறு இல்லவே இல்லையா என்று யாராவது கேட்கலாம். உண்டு. பொன்னன், பொன்னாள், ஊரன், ஊரார் என்பன போல, ஒருவரை அவருடைய பொருளையோ இடத்தையோ கொண்டு குறிக்கும் பெயர்களில் ஈறு பால் காட்டும். அதற்கு நன்னூல் பெயரியலில் தனியே இடம் ஒதுக்கியிருக்கிறது. கடன், தயிர், வாள் போன்றவற்றுக்கு அது பொருந்தாது. அவற்றின் கடைசி எழுத்து சொல்லிலேயே பிறந்தது. மக்கள், தேவர், நரகர் என்றால் உயர்திணை, மற்றவை அஃறிணை என்று பொருளைப் பார்த்துத்தான் திணை சொல்ல வேண்டும்.

பழைய சூத்திரத்துக்கும் புதுப் பாட்டுக்கும் இன்னொரு வேற்றுமையும் உண்டு. பழையது தன் எல்லையைத் தானே சொல்லிவிடும். ஒன்றன்பாலுக்குத் து, று, டு என்று மூன்று ஈறு. ‘வந்தது’ என்பதில் து, ‘போயிற்று’ என்பதில் று. டு மட்டும் குறிப்பு வினையில்தான் வரும் என்று அந்தச் சூத்திரமே கூறுகிறது. ‘குறுந்தாட்டு’, அதாவது குறுகிய கால்களை உடையது, என்பது போல. பலவின்பாலுக்கு அ, ஆ. அதில் ‘ஆ’ எதிர்மறையில்தான் வரும். ‘மாடுகள் மேய்ந்தன’ என்போம். மேயாவிட்டால் ‘மாடுகள் மேயா’. புதுப் பாட்டில் இப்படி ஓர் எல்லையும் கிடையாது.

அந்தப் பாட்டை வினைக்கு வைத்துக்கொண்டாலும் இரண்டு இடத்தில் காலை வாரிவிடும். ‘வந்தேன்’ என்பது ‘ன்’ என்றுதான் முடிகிறது. ஆனால் பெண்ணும் அப்படித்தானே சொல்வாள்? ‘ன்’ என்று மொட்டையாகச் சொல்லாமல் அன், ஆன் என்றும், கூடவே படர்க்கை என்றும் நன்னூல் சொன்னது இதற்காகத்தான். அடுத்தது, ‘வந்த மாடு மேய்ந்தது’. ‘வந்த’ என்பது ‘அ’ என்று முடிகிறதே, பலவின்பாலா? மாட்டை மாடுகள் ஆக்கிப் பாருங்கள். ‘வந்த மாடுகள் மேய்ந்தன.’ வந்த என்பது அப்படியே நிற்கிறது, மேய்ந்தது மட்டும் மேய்ந்தன ஆகிவிட்டது. எழுவாய் மாறினால் எந்தச் சொல் மாறுகிறதோ அதுதான் பால் காட்டும் சொல். ‘வந்த’ என்பது வெறும் பெயரெச்சம்.

இதையெல்லாம் ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் புலம்பினேன். “விடுங்க சார், பையனுக்கு மார்க் வந்தா சரி, இலக்கணத்தை யார் கேட்டா?” என்றார். எனக்கு வந்த கோபமே அந்த இடத்தில்தான். மார்க்கும் வரவில்லையே சார்! தெரியாத பிள்ளை பொருளை யோசித்துத் தேர் ஒன்றன்பால் என்று சரியாகவே எழுதியிருக்கும். பாட்டைப் படித்த பிள்ளைதான் யோசிக்காமல் பலர்பால் என்று எழுதுகிறது. காசு கொடுத்து வாங்கிய தப்பு இது. ஒரு கேள்வியில் வேலை கைநழுவிப் போகிற தேர்வில், இரவு பதினொரு மணி வரை விழித்திருக்கிற பிள்ளைக்குச் செய்கிற காரியமா இது?

நான் கவிஞன் இல்லை. இருந்தாலும் அவன் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதிக் கொடுத்தேன்.

பேரைப் பார்த்துப் பாலைச் சொன்னால் தேரும் பலபேர் ஆகிவிடும்
முற்றைப் பாரு, படர்க்கை பாரு, முடிவில் நிற்கும் ஈறு பாரு
அன்னும் ஆனும் ஆணைக் காட்டும், அள்ளும் ஆளும் பெண்ணைக் காட்டும்
அர்ரும் ஆரும் பலரைக் காட்டும், துவ்வே ஒன்று, அவ்வே பல

ப, மார், று, டு, ஆ இதில் அடங்கவில்லை. அவற்றைத் தனியே படித்துக்கொள் என்று அவனிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பேரனோ பேத்தியோ இப்படி ஒரு பாட்டைப் பாடினால் தடுக்காதீர்கள். பாடி முடித்ததும் ‘தேர் என்ன பால்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பலர்பால் என்று பதில் வந்தால், அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டு, ‘தேர் நகர்ந்தது’ என்பதிலிருந்து தொடங்குங்கள்.