இரண்டு படிகளும் ஒரு கைப்பிடிக் கம்பியும்

கிழக்கு டெல்லியின் குறுகிய சந்து ஒன்றில், தரைத்தளத்து வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறார் ஓய்வுபெற்ற தோழர் ஒருவர். பக்கவாதத்துக்குப் பின் அவருடைய துணைவியாருக்கு இடது கையும் இடது காலும் வலுவிழந்துவிட்டன. வாசலில் இருப்பவை இரண்டே படிகள். ஒவ்வொன்றும் ஆறு அங்குல உயரம். அந்தப் பன்னிரண்டு அங்குலம்தான் அவரை வீட்டுக்குள் நிறுத்தி வைத்திருக்கிறது.

முதலில் சாய்தளம் கேட்கலாம் என்றுதான் எண்ணினோம். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. அப்படியானால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் தேவை. சந்தின் அகலமே எட்டு அடி. மேலும், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இன்றியமையாததே தவிர, கைத்தடியூன்றி நடக்கும் பக்கவாத நோயாளிக்குச் சரிவில் இறங்குவது பெரும்பாலும் படியைவிடக் கடினம். எனவே கைப்பிடிக் கம்பியே போதும் என்று முடிவாயிற்று.

ஏறும்போது சுவர் வலப்புறம் இருக்கிறது. அதில் கம்பி பதித்தால் நல்ல கையால் பற்றி ஏறலாம். இறங்கும்போதோ அதே சுவர் இடப்புறமாகிவிடும். அந்தக் கையால் பற்ற இயலாது. ஆகவே திறந்திருக்கும் மறுபுறத்திலும், தரையில் தூண் ஊன்றி, ஒரு கம்பி வேண்டும். ஒரு கம்பி போதாதா என்று வீட்டு உரிமையாளர் கேட்டது கொடுமையால் அல்ல. இதை யாரும் அவருக்கு விளக்கியிருக்கவில்லை.

அவருடைய உண்மையான அச்சம் வேறு. இரும்பைப் பதித்துவிட்டால் பின்னாளில் குடியிருப்பவர் உரிமை கோருவார் என்பதே அது. உரிமையாளரின் இசைவின்றிக் குடியிருப்பவர் நிரந்தரக் கட்டுமானம் எழுப்பக் கூடாது என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. அதே பிரிவில் இன்னொரு கூறும் உண்டு: தான் நிலத்தோடு பொருத்தியவற்றை, வீடு தன் வசம் இருக்கும்வரை குடியிருப்பவர் அகற்றிக்கொள்ளலாம், பெற்ற நிலையில் வீட்டை ஒப்படைக்க வேண்டும். சாவியைக் கொடுத்த பிறகு இந்த உரிமை இல்லை.

எனவே தோழர் வாய்மொழியாக மன்றாடுவதை விட்டு ஒரு கடிதம் எழுதினார். கம்பி எங்கே வரும், படிக்கு மேல் ஏறத்தாழ மூன்றடி உயரம், சுவருக்கும் கம்பிக்கும் இடையே விரல்கள் நுழைய இரண்டு அங்குல இடைவெளி, போல்ட் போட்டுப் பொருத்துவது, செலவு தம்முடையது, காலி செய்யும்போது கழற்றித் துளைகளைப் பூசித் தருவது, இதனால் எந்தப் புதிய உரிமையும் கோருவதில்லை என்பது ஆகியவற்றை வரைபடத்தோடு குறிப்பிட்டார். சுவர் நாலரை அங்குலச் செங்கல் சுவர். பூச்சில் மட்டும் பிடிக்கும் திருகாணி உடல் எடையைத் தாங்காது; போல்ட்டை மறுபுறம்வரை செலுத்தித் தகடு வைத்து இறுக்க வேண்டும். கம்பி சிறிது ஆடினாலும் அது இல்லாததைவிட ஆபத்து. நம்பிக் கை வைத்தவர் விழுவார்.

சட்டம் துணைக்கு வராதா? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'ரீசனபிள் அக்காமடேஷன்' என்றொரு தொடர் உண்டு. முதன்முறை மொழிபெயர்த்தபோது அகராதியை நம்பி 'நியாயமான தங்குமிடம்' என்று எழுதவிருந்தேன். தங்குமிடமல்ல, ஒருவரின் தேவைக்கேற்பச் செய்துதரும் பொருத்தமான மாற்றமே அது. அதை மறுப்பதும் பாகுபாடே என்று சட்டம் வரையறுக்கிறது. ஆனால் அதை உறுதிசெய்யும் கடமையை அரசின்மீதே வைக்கிறது. தனியார் வீட்டு உரிமையாளர் ஒரு கம்பிக்கு இசைவு தந்தாக வேண்டுமா என்பதை எங்கும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவிலோ, குடியிருப்பவர் தம் செலவில் செய்துகொள்ளும் நியாயமான மாற்றத்தை உரிமையாளர் மறுக்கக் கூடாதென்று 1988லேயே வீட்டுவசதிச் சட்டத்தைத் திருத்தினார்கள். முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே சொத்துரிமைக்கு இவ்வளவு வரம்பு கட்ட முடிந்திருக்கிறது. நம் மத்திய அரசு 2021இல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டமோ, கட்டமைப்பு மாற்றத்துக்கு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ இசைவு வேண்டும் என்பதோடு நின்றுவிட்டது. மாநில வாடகைச் சட்டங்கள் விவாதத்துக்கு வரும் அவைகளில் நம் உறுப்பினர்கள் கொண்டுவர வேண்டிய திருத்தம் இதுதான்: கழற்றக்கூடிய சாய்தளத்துக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் தக்க காரணமின்றி இசைவை மறுக்கக் கூடாது, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், கேட்டதற்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது. மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் பயன்படா. பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் கேட்பதற்கே அஞ்சுவார்.

கடிதத்துக்குப் பாதிப் பலன் கிடைத்தது. சுவர்ப்பக்கக் கம்பிக்கு உரிமையாளர் கையொப்பமிட்டார். மறுபுறத் தூணுக்கு மறுத்துவிட்டார். அங்கே அவர் மகன் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறார். இப்போது அந்த அம்மையார் ஏறும்போது முன்னோக்கி ஏறுகிறார். இறங்கும்போது வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்று, வலக்கையால் அதே கம்பியைப் பற்றி, பின்னோக்கிக் கால் வைத்து இறங்குகிறார். உடற்பயிற்சி சிகிச்சையாளர் கற்றுத்தந்த முறை அது. பின்னால் யாராவது நின்றாக வேண்டும். தோழர் வீட்டில் இல்லாத நேரத்தில் அவர் இறங்குவதில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது தூணுக்கான ஒரு வரியை அதில் சேர்க்கச் சொல்லி இரண்டாவது கடிதம் எழுதி வைத்திருக்கிறார்கள்.