"எங்கட குடும்பத்துக்கு வீடு தேவை" என்ற கடிதத்தை யார் சோதிப்பது?

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வாடகை வீட்டில் இருக்கும் பலருக்கு இந்தக் கடிதம் தெரியும். "மகனுக்குக் கல்யாணம், வீடு எங்களுக்குத் தேவை, ஒரு மாதத்தில் காலி செய்யுங்கள்." காலி செய்து கொடுத்த பிறகு அந்த மகன் வருவதில்லை. கூடிய வாடகைக்கு வேறொருவர் வருகிறார்.

உண்மையாகவே வீடு தேவைப்படும் சொந்தக்காரர்களும் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் கேள்வி, அந்த வசனம் உண்மையா என்று கேட்பது யார் என்பதுதான்.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் கேட்கிறது. அதன் 22ஆம் பிரிவின்படி, குடும்பத் தேவை என்று சொல்பவர் முன்கூட்டியே எழுத்து அறிவித்தல் தர வேண்டும். பிறகு அந்தத் தேவை நியாயமானது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். வீடு கைமாறினால் யாருக்குக் கூடிய கஷ்டம் என்று நீதிபதி எடைபோடுவார். வாடகைக்காரர் வேறு வீடு தேடினாரா என்பதும் அங்கே வரும். ஆகவே தேடிய இடங்களையும் திகதிகளையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

ஒரு உதாரணம். 1970இல் கட்டிய வீடு. நீங்கள் 1978இல் குடிவந்தீர்கள். 2015இல் ஒருவர் அதை விலைக்கு வாங்கி, "என் குடும்பத்துக்குத் தேவை" என்கிறார். நீங்கள் குடிவந்த பிறகு வாங்கியவர் என்பதால், அந்தக் காரணத்தைச் சொல்லி அவர் வழக்கே போட முடியாது.

ஆனால் இன்று நம்மில் அதிகமானோர் இருப்பது 1980க்குப் பிறகு கட்டிய வீடுகளில். அவை பொதுவாக இந்தச் சட்டத்துக்கு வெளியே. அங்கே மாத வாடகைக்கு ஒரு மாத அறிவித்தல் போதும். காரணமே தேவையில்லை. அப்படியானால் கல்யாணக் கதை எதற்கு? நீங்கள் வெட்கப்பட்டு, கேள்வி கேட்காமல் போவதற்கு.

அங்கேயும் இரண்டு விஷயம் உங்கள் கையில் உண்டு. வாடகை மாதம் 1ஆம் திகதி தொடங்கினால், அறிவித்தல் மாத முடிவில்தான் முடிய வேண்டும். ஜூன் 12இல் தந்துவிட்டு ஜூலை 12இல் போ என்பது செல்லாது, ஜூலை 31 வரை இருக்கலாம். அடுத்தது, நீதிமன்றக் கட்டளை இல்லாமல் பூட்டை மாற்றவோ சாமானை வெளியே போடவோ சொந்தக்காரருக்கு உரிமை இல்லை. பலவந்தமாக வெளியேற்றினால் இரண்டு மாதத்துக்குள் பொலிஸுக்கும் ஆரம்ப நீதிமன்றத்துக்கும் போங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தில் உங்களைத் திரும்பக் குடியேற்றக் கட்டளையிட இடமுண்டு.

நம்மவர்கள் நிறைந்த டொரொண்டோவைப் பாருங்கள். அங்கே சொந்தத் தேவை என்று எழுப்பினால் 60 நாள் அறிவித்தலும் ஒரு மாத வாடகை நட்டஈடும் தர வேண்டும். ஒரு வருடத்துக்குள் அதே வீட்டை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டால், பொய் சொன்னார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது சொந்தக்காரர் பொறுப்பு.

இங்கேயும் அதைத்தான் கேட்கிறேன். குடும்பத்துக்கு என்று எழுதினால், குடும்பம் வந்து இருக்கட்டும். வராவிட்டால் எழுப்பப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கட்டும்.