கட்டுப்பாட்டுக் குழுவும் புதிய விதிகளும்

2025 நவம்பரில் அரசிதழில் வெளியான டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் முக்கியப் பகுதிகள் அமலுக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் இருக்கிறதென்று நம்மில் அநேகர் நிம்மதியாக இருக்கின்றனர். ஆயினும், பிராண்ட் லிஃப்ட் ஆய்வுகளைத் தொழிலாகக் கொண்டவர்கள் மூலச் சட்டமான 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17(2)(b) பிரிவை இப்பொழுதே நிதானமாக வாசிப்பது அவசியம் என்பது நம் அபிப்பிராயம். ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவர நோக்கத்துக்கும் அப்பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால், அத்தரவைக் கொண்டு குறிப்பிட்ட ஒரு தனிமனிதரைப் பற்றிய எந்தத் தீர்மானமும் செய்யலாகாது என்பதும், விதிக்கப்பட்ட தரநியமங்களைப் பின்பற்றவேண்டும் என்பதும் அதற்கு நிபந்தனைகள்.

நம் கேள்வித்தாளுக்குப் பதில் சொன்னவரின் அடையாளத்தை விளம்பரப் பதிவேட்டுடன் இணைத்து, கண்டோர், காணாதோர் என்று பிரித்துச் சதவீதம் காண்பதோடு நின்றால், விலக்குக் கோரும் நியாயம் நமக்கு உண்டு. "இந்த பிராண்டை அறியேன்" என்றவரின் பெயரை அன்று மாலையே மறு விளம்பரத்துக்கான பட்டியலில் சேர்த்தாலோ, அந்த நியாயம் அக்கணமே போய்விடும். இவ்விரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் விற்கும் வழக்கத்தை விட்டுவிடுவதே உசிதம்.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் விதிகள் தொடாமல் விட்ட ஒரு விஷயம், பல வருஷங்களாக நம் மனத்தை உறுத்துவது: கட்டுப்பாட்டுக் குழு எவ்விதம் அமைந்தது என்பது.

ஓர் உதாரணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு தேயிலை விளம்பரத்தைக் கண்ட 1,000 பேரில் 34 சதவீதத்தினர் அதை நினைவுகூர்கின்றனர். காணாத 1,000 பேரில் 28 சதவீதத்தினர் கண்டதாகச் சொல்கின்றனர். ஆறு புள்ளி உயர்வு. 95 சதவீத நம்பக எல்லை ஏறக்குறைய இரண்டிலிருந்து பத்து வரை. அறிக்கை எழுதுபவர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார். ஆனால், காணாத அந்த ஆயிரவர் யார்? ஏலத்தில் விளம்பரம் வென்று, காட்டப்படவேண்டிய தருணத்தில், சீட்டுக் குலுக்கியதுபோல் தற்செயலாகத் தடுத்து நிறுத்தப்பட்டவர்களா, அன்றி, ஆய்வு முடிந்தபின் வயதும் ஊரும் ஒத்திருக்கின்றனவென்று தேடிப் பிடிக்கப்பட்டவர்களா? பின்னவராயின், கண்டோர் இயல்பிலேயே அதிக நேரம் வீடியோ பார்ப்பவர்கள், எந்த பிராண்டையும் கண்டதாகச் சொல்லத் தயங்காதவர்கள் என்ற சந்தேகம் எழும். இதை அறிய எளிய உபாயம், அதே வினாவில் உலகில் இல்லாத ஒரு பெயரையும் சேர்த்துக் கேட்பது. கண்டோரில் 9 சதவீதமும் காணாதோரில் 6 சதவீதமும் அந்தக் கற்பனைப் பெயரைக் 'கண்டேன்' என்றால், நம் ஆறு புள்ளிகளில் மூன்று விளம்பரத்துக்கு முன்பே இருந்த வேற்றுமையாக இருக்கக்கூடும். எஞ்சிய மூன்றோ பிழையெல்லைக்குள் அடங்கிவிடுகிறது.

விருப்பத்தை அளப்பது இன்னும் கடினம். அதே அளவுள்ள இரு குழுக்களில் 19 சதவீதத்துக்கு எதிர் 18 என்று வந்ததை, "விருப்பம் உயர்ந்தது" என்று வரைபடமாக்கி வாடிக்கையாளர் முன்வைத்த ஓர் ஆய்வறிக்கையை நான் கண்டிருக்கிறேன். அந்த ஒரு புள்ளியின் பிழையெல்லை இருபுறமும் மூன்றரைக்குச் சற்றுக் குறைவு. அதை எண்பது சதவீத வலிமையுடன் கண்டுபிடிக்கக் குழுவுக்கு இருபத்து மூவாயிரம் பேருக்கு மேல் வேண்டும். அத்தனை பேரைத் திரட்ட நம் பட்ஜெட்டுகள் இடங்கொடா என்றால், விருப்பத்தைப் பற்றி மௌனம் காப்பதே தொழில் நேர்மை.

நம் மனக்குறை இதுதான். தற்செயலாகத் தடுத்து நிறுத்தும் வசதி, பெரும்பாலும் விளம்பர இடத்தை விற்கும் பெருந்தளங்களிடமே இருக்கிறது. பயனர் லாகின் செய்திருப்பதால் சம்மதமும் பதிவேடும் அவர்களுக்கு ஒரே இடத்தில் அமைந்துவிடுகின்றன. சுயேச்சையான ஆய்வு நிறுவனமோ, குக்கியும் பேனலும் கொண்டு தடுமாறிச் சேர்த்ததை, ஒவ்வொரு கண்ணியிலும் சம்மதம் பெற்று நிரூபிக்கவேண்டும். விற்பவனே எடை போட்டு, எடைச்சீட்டையும் தானே எழுதிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைச் சட்டம் இயற்றியவர்கள் அறியாமல் இருந்திருக்கமாட்டார்கள். 'புள்ளிவிவர நோக்கம்' என்றால் என்ன என்று வரையறுக்கக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை. வணிக ஆய்வு அதில் அடங்குமா என்ற கேள்விக்கு விடை தேடும் செலவைச் சிறு நிறுவனங்களின் தலையில் கட்டியிருக்கிறார்கள். தனிமனிதரின் பெயரைக் காப்பதில் காட்டிய கரிசனத்தில் காலே அரைக்கால் பங்கு, அளவுகோலைப் பரிசோதிக்கும் உரிமையிலும் காட்டியிருக்கலாம்!

அரசு திருத்தும்வரை காத்திருக்க நாம் தயாரில்லை. அடுத்த இதழிலிருந்து, நமக்கு வரும் லிஃப்ட் ஆய்வுக் கட்டுரைகளில் கட்டுப்பாட்டுக் குழு தேர்ந்தெடுக்கப்பட்ட முறை, ஒவ்வொரு குழுவின் எண்ணிக்கை, இல்லாத பெயருக்குக் கிடைத்த விடை ஆகிய மூன்றும் இல்லையெனில், அவற்றை எழுதியவருக்கே திருப்பி அனுப்புவோம்.