இரண்டு வரி, ஒரு வாசகர்: காதலர் நாள் அட்டையும் புதுக்கவிதையும்

ஆய்வாளர்கள் பேசத் தகுந்த பொருள்தானா இது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். இருந்தும் எழுதுகிறேன். மூணாற்றுப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்து, இப்போது முதுகலை படிக்கும் தம்பி ஒருவர் சென்ற மாதம் என்னிடம் வந்தார். “அண்ணா, பிப்ரவரி 14க்கு ஓர் அட்டை கொடுக்க வேண்டும். புதுக்கவிதை போல இரண்டு வரி போதும். பார்த்துத் திருத்தித் தாருங்கள்” என்றார். பெறப்போகும் பெண் பாலக்காட்டுச் சித்தூரைச் சேர்ந்தவர். இருவரும் பழகத் தொடங்கி மூன்று மாதமே ஆகிறது. வீட்டில் தமிழ் பேசுபவர் என்றாலும் அவர் படித்தது மலையாள வழியில். தமிழை எழுத்துக் கூட்டியே வாசிப்பார்.

அந்த இரண்டு வரிக்காக நாங்கள் ஒரு மாலை முழுவதும் அமர்ந்திருந்தோம். புதுக்கவிதையைப் பற்றி வகுப்பறையில் நான் சொல்லிவந்த சிலவற்றை அந்த மாலை திருத்தியது. அதனால்தான் இந்தப் பதிவு.

தம்பியின் முதல் வரைவு இது:

பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தேன், குறிஞ்சியே!
இன்று எனக்காகப் பூத்தாய்!

இடுக்கிக்காரர் எவருக்கும் கைக்கு முதலில் எட்டுவது குறிஞ்சிதான். ஆனால் இவ்வரிகள் மூன்று இடங்களில் பொய்யாகின்றன. நீலக்குறிஞ்சி இரவிகுளத்துப் பக்கம் பூப்பது மழைக்காலத்தில், பிப்ரவரியில் அன்று. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது; அடுத்த பூப்பு 2030. ஆகவே ‘இன்று பூத்தாய்’ என்பதற்கு மலையே சாட்சி சொல்லாது. இரண்டாவதாக, மூன்று மாதப் பழக்கத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு என்பது பொருந்தாத கணக்கு. புதிய உறவில் இருப்பவர் அதைப் படித்தால் மகிழ்வதைவிடச் சற்று அஞ்சவே செய்வார். மூன்றாவதாக, ‘எனக்காக’ என்ற சொல் அந்தப் பெண்ணை இவருடைய காத்திருப்பின் பரிசாக்கிவிடுகிறது. பூவுக்கு விருப்பம் கிடையாது, அவருக்கு உண்டு.

புதுக்கவிதையில் யாப்பின் காவல் இல்லை. தளை தட்டினால் செவி சொல்லிவிடும். உணர்வு தட்டினால் சொல்ல எவருமில்லை. ஆகவே இங்கே செய்திகளின் மெய்ம்மையே யாப்பின் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. சொல்லும் மலர் அந்த மாதத்தில் பூக்கிறதா, சொல்லும் வழி உண்மையில் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். குறிஞ்சி வரைவு அந்தக் கேள்வியிலேயே விழுந்துவிட்டது.

தம்பி பின்வாங்கவில்லை. தமிழ் மாணவர் அல்லவா? வெண்பாவுக்குத் தாவினார்:

நின்முகம் காணா நெடுநாள் கழிந்தன
என்மனம் தேடும் வழி.

அலகிட்டுப் பாருங்கள். முதலடியில் நான்கு சீர், ஈற்றடியில் மூன்று. விளமுன் நேரும் மாமுன் நிரையும் வந்து இயற்சீர் வெண்டளை பிழையின்றி நிற்கிறது. ஈற்றுச்சீர் ‘மலர்’ வாய்பாடு. ‘நின்’, ‘என்’ என அடியெதுகையும் உண்டு. இலக்கணத்தில் குறை சொல்ல முடியாத குறள் வெண்பா. ஆயினும் அட்டைக்கு உதவாது. இது எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கும் எழுதப்படலாம். யார் யாருக்கு அனுப்பினாலும் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிராது. அடியளவு சரியாக இருப்பதே ஆளில்லாக் குறையை மறைத்துவிடுகிறது என்பதுதான் ஆபத்து.

இதில் ஒரு சுவையான செய்தி. ‘நின்’ என்பது சென்னை மாணவருக்குப் பழைய சொல். சித்தூர்ப் பெண்ணுக்கு அப்படியன்று. மலையாளத்தில் ‘உன்னுடைய’ என்பதற்கு அன்றாடம் வழங்கும் சொல்லின் வேரே அதுதான். நாம் சங்கத்தின் சாயல் என்று இட்டதை அவர் பக்கத்து வீட்டுப் பேச்சாகக் கேட்டிருப்பார். எல்லையில் வாழ்வோருக்கு எழுதும்போது எந்தச் சொல் பழையது, எந்தச் சொல் புதியது என்ற நம் அளவுகோலே நழுவுகிறது.

இந்த இடத்தில் ஒரு வரலாற்றுக் குறிப்பு தேவைப்படுகிறது. தமிழ்ப் புதுக்கவிதையின் தொடக்கமாகப் பெரும்பாலும் சுட்டப்படுவது 1934இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த ந. பிச்சமூர்த்தியின் கவிதை. அதன் தலைப்பே ‘காதல்’. சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய பிறகே அவ்வடிவம் ஓர் இயக்கமாக நிலைபெற்றது. ஆகவே புதுக்கவிதையைக் காதலுக்குக் கேட்பது அதன் தகுதியைத் தாழ்த்துவதாகாது. அது பிறந்த வீட்டுக்கே திரும்பி வருகிறது. தாழ்வு வருவது வேறிடத்தில்: இரண்டு வரியை முழக்கமாக்கும்போது.

மூன்றாம் வரைவுக்கு முன் நான் தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: “அவரைப் பார்க்க எப்படிப் போவீர்கள்?” அவர் வழியைச் சொன்னார். மூணாற்றிலிருந்து மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி, கோபாலபுரம், பிறகு சித்தூர். சின்னாற்றுச் சோதனைச் சாவடியில் கேரளம் முடிகிறது. கோபாலபுரத்தில் மறுபடி தொடங்குகிறது. கேரளத்தின் ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குப் போகத் தமிழ்நாட்டைக் குறுக்கே கடக்கிறார். அடிமாலி, திருச்சூர் என்று கேரளத்துக்குள்ளேயே சுற்றியும் போகலாம்; அது நெடுவழி, யாரும் விரும்புவதில்லை. அன்று பேருந்துப் பயணச்சீட்டைப் பற்றிப் பேசுவதுபோல் அவர் சொல்லி முடித்த அந்த வழியில்தான் கவிதை இருந்தது.

உன்னைக் காண இரண்டு எல்லை கடக்கிறேன்,
புறப்பட்ட மாநிலத்தில்தான் இறங்குகிறேன்!

பொருள் கிடைத்துவிட்டது. இனிச் செய்ய வேண்டியது நீக்கல் மட்டுமே. முதலில் ‘கடக்கிறேன்’, ‘இறங்குகிறேன்’ என்ற இயைபு. இரு வரியும் ஒரே ஒலியில் முடியும்போது இரண்டாம் வரி புதிதாக எதையும் சொல்லவில்லை என்று செவி முடிவு செய்துவிடுகிறது. அடுத்து ‘தான்’. வியப்பை வாசகர் அடைவதற்கு முன்னரே ஆசிரியர் விரல் நீட்டிக் காட்டும் இடைச்சொல் அது. மூன்றாவதாக வியப்புக்குறி, அதுவும் அதே விரல்தான். மூன்றையும் நீக்கிச் சொற்களை இடம் மாற்றினோம்:

இரண்டு எல்லை கடக்கிறேன் உன்னைக் காண;
இறங்குவது புறப்பட்ட மாநிலத்தில்.

எட்டே சொற்கள். முதல் வரியில் ஐந்து, இரண்டாவதில் மூன்று. ஈற்றடி குறுகுவது குறளிலிருந்து நாம் அறியாமலே எடுத்துக்கொண்ட பழக்கம். யாப்பு போனாலும் அந்த மூச்சு போகவில்லை. ‘இரண்டு’, ‘இறங்குவது’ என்று வரிகளின் முதலில் ஒரு மோனை மட்டும் தங்கியிருக்கிறது. ‘உன்னைக் காண’ என்பது வரியின் இறுதிக்கு வந்ததால் அங்கே ஒரு நிறுத்தம் விழுகிறது. அந்த நிறுத்தத்தில் வாசகர் நெடுந்தொலைவை எதிர்பார்ப்பார். இரண்டாம் வரி அவரைப் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விடுகிறது. திருப்பம் கடைசிச் சொல்லில்தான் நிகழ்கிறது. எழுத்துக் கூட்டி வாசிப்பவருக்கு இது நன்மை: அவர் மெல்ல வந்தாலும் பாதியிலேயே ஊகித்துவிட வழியில்லை.

இன்னும் இரண்டு நன்மைகளை அந்த வரிகளே தந்தன. ‘மாநிலம்’ என்பது இன்று ஆட்சிப் பிரிவு. பழந்தமிழில் அது பெருநிலம், உலகம். எங்கெங்கோ கடந்து வந்தும் இருவரும் ஒரே நிலத்தில் நிற்கிறோம் என்ற பொருள் அழுத்தாமலே கேட்கிறது. மேலும், தமிழில் தன்மையும் முன்னிலையும் பால் காட்டுவதில்லை. நான், நீ என்ற இருவர் மட்டுமே நிற்கும் இவ்வரிகளை ஆணோ பெண்ணோ எவரும் எவருக்கும் எழுதலாம். அகப்பாட்டில் தலைமக்கள் பெயர் சுட்டப்படுவதில்லை என்ற தொல்காப்பிய மரபும் இங்கே குலையவில்லை. ஆயினும் வழி மட்டும் இந்த இருவருடையதாகவே இருக்கிறது.

தோழர் ஒருவர் இவ்வரைவைப் பார்த்து, “காதல் அட்டையில் மாநில எல்லை அரசியல் எதற்கு?” என்றார். அவர் சொன்னதை நான் எளிதாக ஒதுக்கவில்லை. தேவிகுளம் திருவிதாங்கூரில் இருந்தது, சித்தூர் கொச்சியில். 1949இல் இரண்டும் ஓராட்சியின்கீழ் வந்தன, 1956இல் கேரளமாயின. தேவிகுளம், பீர்மேட்டைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய போராட்டத்தை நம் பாட்டன்மார் கண்டார்கள். இந்த வரிகளுக்கு அடியில் அவ்வளவும் கிடக்கிறது. ஆனால் வரிகள் அதைக் கூறவில்லை, கூறவும் கூடாது. கூறியிருந்தால் அட்டை துண்டறிக்கையாகியிருக்கும். என் கருத்து இதுதான்: எல்லைப்புறத் தமிழர் இருவரின் காதலில் சோதனைச் சாவடி வெளியிலிருந்து கொண்டுவந்த பொருளன்று, குறிஞ்சிப்பூதான் அவர்களுக்கு வெளியிலிருந்து வந்த பொருள். சுற்றுலாப் பதாகையில் இருப்பதைவிடப் பேருந்துச் சன்னலில் தெரிவதே அவர்களுடைய கருப்பொருள்.

திணை மரபும் இதற்குத் துணை நிற்கிறது. பிப்ரவரி 14 மாசித் தொடக்கம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். பாலைக்கு வேனிலை உரிமையாக்கிய தொல்காப்பியம் பின்பனியையும் அதற்கே தருகிறது. அதாவது நம் மரபின் கணக்கில் காதலர் நாள் விழுவது கூடலின் பொழுதில் அன்று, பிரிவின் பொழுதில். மலையில் ஒருவர், கணவாயில் ஒருவர், நடுவே வேற்று மாநிலம் என்றிருக்கும் இருவருக்குக் குறிஞ்சிப் புணர்ச்சியைவிடப் பாலை வழியே பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இவ்வரிகளுக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வழி தெரியாதவருக்கு இவை புதிர். தொகுப்பு நூலில் சேர்த்தால் அடிக்குறிப்பு வேண்டும். அச்சுக் கவிதைக்கு அது குறையாகலாம். ஒரே ஒரு வாசகருக்காக எழுதப்படும் அட்டைக்கு அது குறையன்று.

ஒன்றை மட்டும் நான் தடுத்தேன். வரிகளுக்குக் கீழே அவற்றை மலையாள எழுத்திலும் எழுதித் தரத் தம்பி எண்ணினார். வேண்டாம் என்றேன். பக்கத்தில் தெரிந்த எழுத்து இருந்தால் கண் அங்கேதான் போகும். எட்டுச் சொல்லைக் கூட்டி வாசிக்க அவருக்கு ஆகும் நேரமும் அந்த அட்டையின் பகுதிதான்.

அட்டை போய்ச் சேர்ந்தது. வந்த மறுமொழி தமிழெழுத்தில், ஓர் எழுத்துப் பிழையோடு இருந்ததாகத் தம்பி காட்டினார்: “அடுத்த முறை ஒரு எள்ளை போதும். கோபாலபுரத்துக்கு நான் வருகிறேன்.”

அந்தப் பிழையைத் திருத்த வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் எழுதுக.